குக்கர்ல முட்டையில்லாத கேக்: அடி கரி, நடு ஈரம். தீ அதிகமா, உப்பு கம்மியா?

ஈரோடு_மருமகள் (சனி, மாலை 6:40)

எல்லாருக்கும் வணக்கம். எங்க வீட்டுல ஓவன் கிடையாது. மாமியார் சுத்த சைவம், அதனால முட்டையும் கிடையாது. அடுத்த ஞாயிறு பையனுக்குப் பிறந்தநாள், அதுக்கு ஒத்திகையா இன்னிக்கு குக்கர்ல கேக் வெச்சேன். 5 லிட்டர் அலுமினிய குக்கர். கேஸ்கெட், வெயிட் ரெண்டையும் எடுத்துட்டேன். அடியில கல் உப்பு அரை கப் போட்டு, 7 அங்குல டின்னை அது மேலயே வெச்சேன்.

2 கப் மைதா, 1 கப் சர்க்கரை, ஒண்ணேகால் கப் தயிர், முக்கால் கப் எண்ணெய். சோடா 1 டீஸ்பூன், பேக்கிங் பவுடர் ஒண்ணரை டீஸ்பூன். மாவு டின்ல முக்கால்வாசி வந்துச்சு. குக்கரை மீடியம் தீயில 20 நிமிஷம் சூடு பண்ணி, டின்னை வெச்ச பிறகும் மீடியம்லயே 35 நிமிஷம் விட்டேன்.

அடி கரி. ஓரம் நல்லா இருக்கு. நடுவுல கிண்ணம் மாதிரி குழி, அதுல மாவு கொழகொழன்னு. மேல வெள்ளையா, தொட்டா ஈரம். தீயை சிம்ல வெச்சா எல்லாம் சரியாயிடுமா? இல்ல உப்பை இன்னும் போடணுமா?

கரண்டி_கணேசன் (சனி, மாலை 7:02)

சிம்பிள் சகோ. தீ அதிகம், அவ்வளவுதான். டின்னை வெச்ச நிமிஷத்துலயே சிம்முக்குக் கொண்டுவந்து, 35 நிமிஷத்துக்கு பதிலா 1 மணி நேரம் விடுங்க. உப்பு எதுக்குன்னா மாவுல இருந்து வர்ற ஈரத்தை உறிஞ்சத்தான். அரை கப் பத்தல, அதான் மேல ஈரம் நின்னுருக்கு. 3 கப் போடுங்க.

நெல்லை_பாட்டி (சனி, மாலை 7:30)

அந்தக் காலத்துல எங்க வீட்டுல உப்பெல்லாம் கிடையாது கண்ணு. ஆத்து மணலை சலிச்சு கழுவிக் காயவெச்சு, அகல பாத்திரத்துல கொட்டி கரி அடுப்புல ஏத்துவோம். மேல தாம்பாளத்தைக் கவுத்தி, அதுக்கு மேலயும் நாலு கங்கு அள்ளி வைப்போம். கீழயும் நெருப்பு, மேலயும் நெருப்பு. மேல் பக்கம் ரொட்டி மாதிரி செவந்து வரும். உங்க கேஸ் அடுப்புல நெருப்பு கீழ மட்டும்தானே? அப்புறம் மேல எப்படி சிவக்கும்?

ஓவன்_இல்லா_பேக்கர் (சனி, இரவு 9:15)

நான் கோயம்புத்தூர்ல ஒரு பேக்கரியில 18 வருஷம் அடுப்பு பார்த்தவன். இப்ப வீட்டுல பேத்திக்கு குக்கர்லதான் போட்டுத் தரேன். பாட்டி சொன்னதுதான் மேல வெள்ளையா இருக்கறதுக்குக் காரணம். அது தப்பு இல்ல, குக்கர் கேக்கோட சுபாவம். மத்ததெல்லாம் தப்பு. ஆனா ஒரு தப்பு இல்லம்மா, மூணு. அடி கரிஞ்சது ஒண்ணு, நடு குழிஞ்சது ஒண்ணு, உள்ள வேகாதது ஒண்ணு. மூணுக்கும் தீதான் காரணம்னு நினைச்சு தீயை மட்டும் குறைச்சீங்கன்னா அடி தப்பிக்கும், குழி இன்னும் பெருசாகும்.

ஏன்னு சொல்றேன். முட்டை போட்ட கேக்ல முட்டை சீக்கிரம் இறுகி, பொங்கின மாவைத் தாங்கிப் பிடிச்சுக்கும். முட்டை இல்லாத மாவுல அந்த வேலையை மைதாதான் செய்யணும். மைதா வெந்து இறுக நேரமாகும். சோடாவும் தயிரும் அதுக்காகக் காத்திருக்காது, கலந்த நொடியே நுரைக்க ஆரம்பிச்சிடும். காத்து பொங்கற வேகத்துக்கு மாவு இறுகணும். சூடு கம்மியா இருந்தா காத்து பொங்கி, வெளியேறி, அதுக்கப்புறம் மாவு வேகும். அதுதான் குழி. சோடா 1 டீஸ்பூன் போட்டதால பொங்கலும் அதிகம், விழறதும் அதிகம். சோப்பு மாதிரி ஒரு கசப்பு இருந்திருக்குமே?

நாலு கேள்வி. மாவைக் கலந்து எவ்வளவு நேரம் கழிச்சு குக்கர்ல வெச்சீங்க? நடுவுல எத்தனை தடவை திறந்தீங்க? எந்த பர்னர், பெருசா சின்னதா? டின்னுக்கும் குக்கர் சுவருக்கும் நடுவுல விரல் நுழையுமா?

ஈரோடு_மருமகள் (சனி, இரவு 9:48)

ஐயோ அண்ணா, பக்கத்துல நின்னு பார்த்த மாதிரி கேக்கறீங்க. மாவைக் கலந்து வெச்சுட்டுத்தான் குக்கரையே அடுப்புல ஏத்தினேன், அதனால 20 நிமிஷம் மாவு சும்மாதான் இருந்துச்சு. மூணு தடவை திறந்தேன், முதல் தடவை 12 நிமிஷத்துல. பெரிய பர்னர். விரல் நுழையாது, டின் ஒட்டித்தான் இருந்துச்சு. கசப்பும் இருந்துச்சு, நான் எசென்ஸ்னு நினைச்சேன்.

ஓவன்_இல்லா_பேக்கர் (சனி, இரவு 10:20)

அப்ப உப்புக்கு வருவோம். கணேசன் தம்பி, உப்பு ஈரத்தை உறிஞ்சறதுக்கு இல்ல. மாவோட ஆவி மேல போய் மூடியில படிஞ்சு சொட்டுது, கீழ கொதிக்கிற உப்புக்கு அதுல பங்கே இல்ல. அடுப்பு நெருப்பு பர்னர் வட்டத்துல மட்டும்தான் படும். உப்பு அந்தச் சூட்டை வாங்கிப் பரவலாக்கி, மெதுவாத் தருது. வெறும் குக்கர் காயாமலும் காப்பாத்துது. கரியாது, உருகாது, வாசம் விடாது, அதனாலதான் உப்பு. பாட்டியோட மணலும் இதே வேலையைத்தான் செய்யுது.

இதுல ஒரு வினை இருக்கு. உப்பு மெதுவா சூடாகும், மெதுவாத்தான் ஆறும். நீங்க இப்ப தீயைக் குறைச்சா உப்புக்கு அது உடனே தெரியாது, பத்து நிமிஷம் பழைய தீயோட சூட்டுலயேதான் இருக்கும். பெரிய பர்னர் மீடியம்ல 20 நிமிஷம் காஞ்ச உப்பு மேல டின்னை நேரா உக்காரவெச்சா, அந்த நிமிஷமே சிம் பண்ணினாலும் அடி கரியத்தான் செய்யும். தம்பி சொன்ன மாதிரி 3 கப் போட்டா இன்னும் மோசம், கைக்கு அடங்காது. 5 லிட்டர் குக்கருக்கு ஒண்ணரை கப் போதும். பரப்பிப் பார்த்தா அரை அங்குலம் கூட வராது.

டின் உப்பைத் தொடவே கூடாது. உப்பு மேல ஒரு ஸ்டாண்டு, இட்லி பாத்திரத்துக்குள்ள வைக்கிற வளையம் மாதிரி, இல்லன்னா ஒரு சின்ன எவர்சில்வர் கிண்ணத்தைக் கவுத்தி வைங்க. டின்னைச் சுத்தி ஒரு அங்குல இடம் விட்டாத்தான் சூடான காத்து மேல ஏறி மேல் பக்கத்தையும் வேக வைக்கும். உங்க குக்கருக்கு 6 அங்குல டின்தான் சரி. மாவு பாதி டின் தாண்டக் கூடாது.

சிங்காரச்_சென்னை (சனி, இரவு 10:41)

உப்பு, ஸ்டாண்டு எல்லாம் எதுக்கு? நான் குக்கர்ல 2 கிளாஸ் தண்ணி ஊத்தி, டின்னைத் தட்டு போட்டு மூடி, வெயிட் போட்டு 20 நிமிஷம் வைப்பேன். சூப்பரா வரும். அடி பிடிக்கவே பிடிக்காது.

ஈரோடு_மருமகள் (சனி, இரவு 10:50)

அக்கா, அது இட்லி மாதிரி ஆவியில வேகறது இல்லையா? எனக்கு ஓரம் சிவந்து வரணும். கிரீம் தடவாம அப்படியே வெட்டறதா பிளான்.

சிங்காரச்_சென்னை (சனி, இரவு 10:55)

ஆமா, ஆவிதான். கேக் கேக்தானே! எங்க வீட்டுல யாரும் வித்தியாசம் கண்டுபிடிக்கல.

ஓவன்_இல்லா_பேக்கர் (சனி, இரவு 11:05)

அதுவும் ஒரு பண்டம்தான், தப்பு சொல்லல. ஆனா நூறு டிகிரிக்கு மேல சூடு ஏறாம சிவப்பு வராது. இதைப் படிக்கிறவங்க ஒண்ணை மட்டும் குழப்பிக்கக் கூடாது: தண்ணி ஊத்தினாத்தான் வெயிட். உப்பு போட்ட குக்கருக்கு வெயிட்டும் கேஸ்கெட்டும் போடவே கூடாது. ரப்பர் தீஞ்சு போகும், ஆவி போக வழியும் இருக்காது.

தஞ்சாவூர்_தம்பதி (ஞாயிறு, காலை 7:10)

குறுக்க வர்றதுக்கு மன்னிக்கவும். எங்க குக்கர்ல ரெண்டாவது தடவை கேக் போட்டப்ப மூடியில இருந்த சேஃப்டி வால்வு உருகிப் போச்சு. கடைக்காரர் "தண்ணி இல்லாம அடுப்புல வெச்சீங்களா?"ன்னு பார்த்ததும் கேட்டுட்டார். இங்க யாரும் அதைச் சொல்லவே இல்லையே?

ஓவன்_இல்லா_பேக்கர் (ஞாயிறு, காலை 8:00)

சொல்லியிருக்கணும், விட்டுட்டேன். அந்த வால்வுல இருக்கற உலோகம் குறைஞ்ச சூட்டுலயே உருகறதுக்குன்னே வெச்சது. தண்ணி வத்திப் போனா வெடிக்காம காப்பாத்தறது அதுதான். மூடி ரொம்பக் காஞ்சா அதோட வேலையைச் செஞ்சிடும். சிம்ல வெச்சா பெரும்பாலும் தப்பிச்சிடும், ஆனா உறுதி சொல்ல மாட்டேன். அதனால நான் குக்கர் மூடியையே போடறது இல்ல. சரியா உக்கார்ற ஒரு எவர்சில்வர் தட்டுதான் மூடி. தினம் சாதம் வைக்கிற குக்கரை இதுக்கு எடுக்காதீங்க. பழைய குக்கர் ஒண்ணு பரண்ல இருக்கும்ல, அதை இறக்குங்க.

கடாய்_கலா (ஞாயிறு, காலை 9:25)

அண்ணா, நான் கடாய்லதான் பண்றேன். மேல சொட்டுச் சொட்டா தண்ணி விழுந்து கேக் மேல அம்மைத் தழும்பு மாதிரி ஆயிடுது. என்னோடது நான்-ஸ்டிக் கடாய், கண்ணாடி மூடி. அதுல உப்பு போட்டா பிரச்சினை இல்லையே?

ஓவன்_இல்லா_பேக்கர் (ஞாயிறு, காலை 10:10)

நான்-ஸ்டிக்கை விட்டுடும்மா. உள்ள ஈரப்பதம் எதுவும் இல்லாம அவ்வளவு நேரம் காயவெச்சா பூச்சு கெட்டு, புகை விட ஆரம்பிக்கும். கல் உப்பு உரசினா கீறலும் விழும். கனமான இரும்புக் கடாய் இல்லன்னா அலுமினிய வாணலி எடு. கடாய் மேல விரிஞ்சு இருக்கறதால டின்னைச் சுத்தி காத்துக்கு நல்ல இடம். ஆனா மூடி சரியா உக்காராட்டி சூடெல்லாம் மேல போயிடும், 10 நிமிஷம் கூடவே ஆகும்.

தண்ணி சொட்டறதுக்கு, மூடியை ஒரு பருத்தித் துணியில கட்டி, துணி முனைகளை மேல தூக்கி முடிச்சுப் போட்டுடு. கீழ தொங்கினா தீப்பிடிக்கும், விளையாட்டு இல்ல. துணி கட்ட பயமா இருந்தா குமிழ் மாதிரி உயரமான மூடி வை, தண்ணி ஓரமா வழிஞ்சு போகும்.

கரண்டி_கணேசன் (ஞாயிறு, காலை 10:30)

ஈரம் உறிஞ்சற கதையை வாபஸ் வாங்கிக்கறேன் 🙏 ஆனா ஒரு சந்தேகம். ஓவன்ல 180னு திருகிடலாம். குக்கர்ல "நல்லா சூடாயிருக்கு"ன்னு எப்படித் தெரியும்? ஆளாளுக்கு அடுப்பு வேற, சிம் வேற. 10 நிமிஷம்னு சொன்னா யார் அடுப்புல 10 நிமிஷம்?

ஓவன்_இல்லா_பேக்கர் (ஞாயிறு, காலை 11:15)

இப்பத்தான் தம்பி சரியான கேள்வி கேட்டிருக்கார். பெரிய பர்னரோட சிம், சின்ன பர்னரோட சிம்மை விடப் பெருசு. அதனாலதான் முதல்லயே பர்னரைக் கேட்டேன். எப்பவும் சின்ன பர்னர்தான்.

சூட்டைப் பார்க்க சர்க்கரைதான் என் தெர்மாமீட்டர். ஒரு சின்ன மூடியில கால் டீஸ்பூன் சர்க்கரையைப் பரப்பி, டின் இருக்கப் போற ஸ்டாண்டு மேலயே வெச்சு மூடிடுங்க. சர்க்கரை 185 டிகிரி பக்கத்துல உருகும். மீடியம்ல 10 நிமிஷம் கழிச்சுத் திறங்க. சர்க்கரை வெள்ளையாவே இருந்தா இன்னும் 3 நிமிஷம் கொடுங்க. ஓரத்துல லேசா மஞ்சள் தட்டினா டின்னை உள்ள வைக்கிற நேரம். முழுசா உருகிப் பழுப்பா ஓடினா உப்பு ரொம்பக் காஞ்சுடுச்சு. சிம் பண்ணி, மூடியைத் திறந்து வெச்சு, பொறுமையா நில்லுங்க. ரெண்டு மூணு தடவை பார்த்துட்டீங்கன்னா உங்க அடுப்புக்கு எத்தனை நிமிஷம்னு பிடிபட்டுடும், அப்புறம் சர்க்கரை வேண்டாம்.

இன்னொண்ணு. உப்பு முதல்ல படபடன்னு வெடிக்கும். கல்லுக்குள்ள மாட்டின ஈரம் அது, பயப்பட வேண்டாம், ஆனா முகத்தைக் கிட்ட கொண்டு போகாதீங்க. ஒரு தடவை காஞ்ச உப்பு அடுத்த தடவை அவ்வளவு வெடிக்காது. ஆறின பிறகு டப்பாவுல எடுத்து வெச்சு இதுக்கே திரும்பத் திரும்ப வெச்சுக்கலாம், சமையலுக்கு வேண்டாம். உப்பை மட்டும் ராத்திரி முழுக்க குக்கர்ல விட்டுடாதீங்க. ஈரம் ஏறி அலுமினியத்துல குழி குழியா அரிச்சுடும்.

தஞ்சாவூர்_தம்பதி (ஞாயிறு, மதியம் 12:40)

அப்ப உப்பே இல்லாம ஸ்டாண்டு மட்டும் வெச்சா? வால்வு போன பிறகு நாங்க கனமான அலுமினியக் குண்டான்ல வெறும் ஸ்டாண்டு வெச்சு, மேல தட்டு மூடி, சிம்மிலேயே 50 நிமிஷம் விட்டோம். நல்லாவே வந்துச்சு.

ஓவன்_இல்லா_பேக்கர் (ஞாயிறு, மதியம் 1:05)

வரும். முக்கியம் ஸ்டாண்டுதான், உப்பு துணைக்குத்தான். அடி கனமா இருந்தா உப்பு இல்லாம ஒப்பேத்தலாம். ஆனா வெறும் பாத்திரத்துல தீ கொஞ்சம் ஏறினா உடனே அடியில தெரியும். உப்பு அதைக் கொஞ்சம் மன்னிக்கும்.

தஞ்சாவூர்_தம்பதி (ஞாயிறு, மதியம் 1:20)

வெறும் பாத்திரத்துல தீயைக் குறைச்சா உடனே குறையும்ங்கறதும் உண்மைதானே அண்ணா? நீங்களே சொன்னீங்க, உப்பு பத்து நிமிஷம் பேச்சு கேட்காதுன்னு. எங்களுக்கு அதுதான் வசதியாப் படுது.

கடாய்_கலா (ஞாயிறு, மதியம் 2:00)

இண்டக்‌ஷன்ல யாராவது முயற்சி பண்ணியிருக்கீங்களா? ஹாஸ்டல்ல கேஸ் இல்ல. என்னோடது 8 நிமிஷத்துல தானா அணைஞ்சு போயிடுது.

ஈரோடு_மருமகள் (புதன், இரவு 8:30)

ரெண்டாவது தடவை இன்னிக்கு பண்ணிட்டேன். எழுதி வெச்சதை அப்படியே போடறேன்.

பரண்ல இருந்து மாமியாரோட பழைய 5 லிட்டர் குக்கர். கல் உப்பு ஒண்ணரை கப், மேல வளையம், தட்டு மூடி, சின்ன பர்னர். 6 அங்குல டின்ல எண்ணெய் தடவி, அடியில வட்டமா பட்டர் பேப்பர். இந்தத் தடவை மைதா ஒண்ணரை கப், பொடிச்ச சர்க்கரை முக்கால் கப், தயிர் 1 கப், எண்ணெய் அரை கப், பால் 2 டேபிள்ஸ்பூன். சோடா அரை டீஸ்பூன், பேக்கிங் பவுடர் 1 டீஸ்பூன். பேக்கிங் பவுடரைக் கொஞ்சம் சுடுதண்ணியில போட்டுப் பார்த்தேன், நல்லா பொங்குச்சு.

4:10க்கு அடுப்பு மீடியம். ஈரமானது ஒரு பக்கம், மாவு ஒரு பக்கம்னு தனித்தனியா எடுத்து வெச்சேன், கலக்கல. 4:20க்கு சர்க்கரை வெள்ளையாவே இருந்துச்சு. 4:24க்கு ஓரம் மஞ்சள். அப்பதான் ரெண்டையும் கலந்தேன், ஒரு நிமிஷம்தான், கட்டி இருந்தாலும் விட்டுட்டேன். 4:27க்கு டின்னை உள்ள வெச்சு சிம். போன தடவை டின்னை உள்ள இறக்கும்போது மணிக்கட்டுல சுட்டுக்கிட்டேன், அதனால இந்தத் தடவை ஃபாயிலை மடிச்சு பட்டையா டின்னுக்கு அடியில கொடுத்து, ரெண்டு முனையும் பிடிச்சு இறக்கினேன்.

திறக்கவே இல்ல. கையைக் கட்டிக்கிட்டு உக்காந்தேன். 4:56க்கு வாசம் வர ஆரம்பிச்சுது. 5:05க்கு முதல் தடவை திறந்து தென்னை ஈர்க்குச்சியை நடுவுல குத்தினா ஈரத் துகள் ஒட்டுச்சு. 5:14க்கு சுத்தமா வந்துச்சு, கேக் ஓரமும் டின்னை விட்டு விலகியிருந்துச்சு. மொத்தம் 47 நிமிஷம். 10 நிமிஷம் வெளிய ஆறவெச்சுக் கவுத்தினேன்.

அடி நல்ல பிரவுன், கரி இல்ல. குழி இல்ல, நடுவுல ஒரு வெடிப்புதான். மேல மட்டும் வெள்ளை. கசப்பு போயிடுச்சு. மாமியார் ரெண்டு துண்டு சாப்பிட்டாங்க, அதுவே பெரிய சர்டிபிகேட்.

ஓவன்_இல்லா_பேக்கர் (புதன், இரவு 9:10)

வெடிப்பு ஒண்ணும் இல்ல. ஓரம் முதல்ல இறுகிடுச்சு, நடு அப்புறம் பொங்கி மேல வந்துச்சு. உங்க உப்பு இன்னும் துளி சூடு கூடத்தான் இருந்திருக்கு. அடுத்த தடவை சர்க்கரை மஞ்சள் தட்டினதும் சிம் பண்ணி, 3 நிமிஷம் விட்டு டின்னை வைங்க. மேல சிவக்கணும்னா ஆறின கேக்கை வெண்ணெய் தடவின தோசைக்கல்லுல தலைகீழா ஒரு நிமிஷம் வெச்சு எடுங்க. மேல் பக்கம் சமமா இருந்தாத்தான் அது நடக்கும், வெடிப்போட வெச்சா நடுவுல மட்டும் சிவக்கும்.

நெல்லை_பாட்டி (புதன், இரவு 9:40)

அதுக்குத்தான் நாலு கங்குன்னு சொன்னேன்.

கடாய்_கலா (வியாழன், காலை 6:55)

இண்டக்‌ஷன் கேள்விக்கு யாரும் பதில் சொல்லலையே? இந்தத் தடவை எவர்சில்வர் பாத்திரம், 300 வாட்ல வெச்சுப் பார்த்தேன். 25 நிமிஷம் ஓடுச்சு, திரும்ப அணைஞ்சுடுச்சு. அடிச் சூட்டைப் பார்த்து அதுவா நிறுத்திக்குதுன்னு நினைக்கிறேன். பாதி வெந்த மாவை என்ன பண்றதுன்னாவது யாராவது சொல்லுங்க.

சிங்காரச்_சென்னை (வியாழன், காலை 7:20)

அதே பாத்திரத்துல தண்ணி ஊத்து, டின்னைத் தட்டு போட்டு மூடு, ஆவியில 15 நிமிஷம் விடு. தண்ணி இருந்தா அடுப்பு அணையாது. நான் முதல்லயே சொன்னேன்!